எட்டாம் இடத்துச் செவலை

தேவதாசனுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட வாசலுக்கும் தூணுக்குமாக நடந்துகொண்டிருப்பான். ஊஞ்சல்மலைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் அவனுக்கு ஓட்டக்காலன் என்று பெயர். "கல்யாணத்தன்னைக்கு மட்டுந்தான் மனுசன் ஒரு எடத்துல நின்னாரு. அதுவும் சாமியாரு கையப் புடிச்சிருந்ததால" என்பாள் அவன் மனைவி றோசாலி. கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கிற நேரத்தில்கூட அவளுக்கு அவனைக் கேலி செய்ய நேரம் இருந்தது.

எல்லப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தின் மேலாளரான பெரிய துரைக்கு அவன் குதிரைக்காரன். இப்படிப்பட்டவனுக்கு அந்த வேலை சரியாகத்தான் வாய்த்தது. குதிரையும் நின்றுகொண்டே தூங்குகிற பிராணிதானே. அவன் கைக்குக் கொடுக்கப்பட்டது ஒரு செவலைக் குதிரை. கப்பலில் வந்து இறங்கி, மலையேறி, இருமிக்கொண்டு நின்றவளை அவன்தான் கஞ்சி ஊற்றித் தேற்றினான். துரை அவளுக்கு டெய்ஸி என்று பெயர் வைத்திருந்தார். தேவதாசனுக்கு அவள் செவலை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்' என்று அவன் ஒரு சொடுக்குச் சொடுக்கினால், வாயில் புல் இருந்தாலும் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். துரை கூப்பிட்டால் காதைக்கூட அசைக்க மாட்டாள். இதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. தண்டவாளம் பண்டாரவளையோடு நின்றிருந்தது. அங்கிருந்து பதுளைக்கு ஹாஷிம் நானாவின் கோச்சு வண்டிகள்தான் ஓடின. பதுளைக் கடைத்தெருக்காரரான ஹாஷிம் கோச்சுக்குக் குதிரை வாங்குவார். கொழும்புப் பெரிய மனிதர்களுக்கு ஓட்டக் குதிரையும் பார்த்து வாங்கிக் கொடுப்பார். வருடத்துக்கு ஒருமுறை பதுளையில் குதிரைப் பந்தயம் வைத்தால், மடுல்சீமையிலிருந்தும் எல்லவிலிருந்தும் துரைமார்கள் குதிரையோடு இறங்குவார்கள். ஹாஷிம் நானாவும் வேலியோரம் வந்து நிற்பார்.

செவலை இரண்டு வருடம் அங்கே ஓடினாள். இரண்டு வருடமும் தோற்றாள். மூன்றாம் வருடம் பந்தயத்துக்குக் கிளம்புமுன் துரை லாயத்து வாசலில் வந்து நின்றார்.

"தேவதாசன், இந்த வருசமும் பின்னாலே வந்தா, ஹாஷிம் கோச்சுக்குக் குடுக்கும். தீனி போட்டது போதும்."

கோச்சுக் குதிரைகளைத் தேவதாசன் பார்த்திருக்கிறான். பண்டாரவளை ஏற்றத்தில் ஏறி ஏறித் தோள் புண்ணாகி, புண் ஆறுமுன் மறுபடி நுகம் ஏறி, இரண்டு மழைக்காலத்தில் முடிந்துபோகும். ஹாஷிம் கெட்டவர் இல்லை. அந்த ரோட்டுதான் கெட்டது. அவன் குனிந்து செவலையின் மெல்லிய கால்களைத் தடவிப் பார்த்தான்.

அவள் ஏன் தோற்றாள் என்பது அவனுக்குத் தெரியும். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்கு மண்டை வெடித்துவிடும். அன்று மாட்டியவள் றோசாலி.

"ரெண்டு குதிரைய ஒரே கயித்துல சோடியாப் புடிச்சு வட்டம் சுத்தினா என்னாகும் தெரியுமா? உள்ளுக்கு இருக்கறது சும்மா நடக்கும். வெளிய இருக்கறது ஓடணும். அப்பதான் சோடி கலையாது."

"அதுக்கு?"

"பதுள மைதானம் சின்னது. வளைவு திடும்னு வரும். ஆறு பர்லாங் ஓட்டத்துக்கு, கொடி விழுந்து நாலு எட்டு வக்கறதுக்குள்ள வளைவு. உள்வேலியோரம் ஒண்ணாம் எடத்துல நிக்கிற குதிரை குறுக்கால போயிரும். எட்டாம் எடத்துல நிக்கிறது ஊரச் சுத்திக்கிட்டு வரணும். செவலைக்கு போன வருசம் எட்டாம் எடம், அதுக்கு முந்தி ஏழாம் எடம். அவ முன்னுக்கு ஓடுற சாதி. பின்னால வந்து புடிக்கிற குதிரைன்னா, எங்க நின்னாலும் மெதுவா உள்ளுக்குள்ள புகுந்துக்கும். இவ வெளியிலருந்து எல்லாரையும் தாண்டி உள்ளுக்கு வரப் பாத்து, வளைவுலயே மூச்ச எல்லாம் செலவழிச்சுட்டா."

"எடம் குடுக்கறது யாரு?"

"சீட்டு."

"அப்ப சீட்டப் போய்த் திட்டுங்க. என்னயப் போட்டு அறுக்காதீங்க" என்று றோசாலி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவள் சொன்னதும் சரிதான். துரைமார் கிளப்பில் ஒரு தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி, எந்தக் குதிரை எந்த இடத்தில் நிற்பது என்று எடுப்பார்கள். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்த வருடம் பந்தயம் இரண்டு நாள். முதல் நாள் வெயில். தரை கட்டாந்தரை. அன்றைய குறுகிய ஓட்டங்களில் உள்வேலியோரம் நின்ற குதிரைகளே முந்தின. தேவதாசன் வேலிக்கு வெளியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி, ஒவ்வொரு ஓட்டத்தையும் பார்த்து, தலையில் தலையில் அடித்துக்கொண்டான். செவலை ஓட வேண்டியது மறுநாள், கோப்பைக்கான ஆறு பர்லாங். சாயங்காலம் கிளப்பில் சீட்டு எடுத்தார்கள். எட்டுக் குதிரை. செவலைக்கு எட்டாம் இடம்.

துரை படியிறங்கி வரும்வரை அவனுக்குப் பொறுமை இல்லை. பாதிப் படியிலேயே மறித்தான்.

"தொரை, கோப்பை ஓட்டத்துல விட வேணாங்க. நாளைக்கு நீட்டு ஓட்டம் ஒண்ணு இருக்குதே, அதுல விடுங்க. அஞ்சே குதிரை. வளைவுக்கு முந்தி நேரா நெறையத் தரை இருக்கு. யாரு எங்க நின்னாலும் வளைவுக்குள்ள சமாளிச்சுக்கலாம். எடம் ஒண்ணும் செய்யாதுங்க."

"எடம் ஒண்ணும் செய்யாது. மூச்சு செய்யும்" என்றார் துரை. "அந்தத் தூரம் இவ ஓடாது. எனக்கு எட்டாம் எடம் தெரியும் தேவதாசன். வேற வழி இல்லே. நாளைக்கு ஓடும்."

அதுவும் உண்மைதான். செவலை குறுகிய ஓட்டக்காரி. கோச்சு வண்டியின் மணிச்சத்தம் தேவதாசனின் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரவில் மழை கொட்டியது. விடிந்தும் விடியாததுமாக அவன் மைதானத்துக்குப் போய்விட்டான். வேலை ஒன்றும் இல்லை. சும்மா இருக்க முடியாமல் போனான். உள்வேலியோரம் கால் வைத்ததும் கணுக்கால்வரை புதைந்தது. முதல் நாள் எல்லாக் குதிரையும் அந்த ஓரத்தையே மிதித்து உழுது வைத்திருந்தன. வெளியே மேடு, உள்ளே பள்ளம். மழைத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கிவிட்டது. அவன் வேலியிலிருந்து குறுக்கே வெளிப்பக்கமாக நடந்தான். நடக்க நடக்கத் தரை கெட்டியானது. வெளியோரத்தில் புல் மடங்காமல் நின்றது. அவன் மறுபடி உள்ளே போனான், மறுபடி வெளியே வந்தான். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள்.

நேற்றுவரை உள்ளே நிற்பதே நல்லது என்று ஊரெல்லாம் அடித்துப் பேசியவன் அவன். இன்று தரை எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. ஆனாலும் அவனுக்கு நம்பப் பயமாக இருந்தது. வெளியே ஓடினால் தூரம் கூடும் என்பது பொய்யாகிவிடவில்லையே. சேறு இழுக்கிற இழுப்புப் பெரிதா, கூடுகிற தூரம் பெரிதா? அதைக் குதிரைகள்தான் சொல்ல வேண்டும்.

சொல்லின. முதல் ஓட்டத்தில் ஒண்ணாம் இடத்துக் குதிரை துள்ளி முன்னால் வந்து, வளைவில் சேற்றில் இழுபட்டு, கடைசியாகக் காதுவரை சேறோடு வந்து சேர்ந்தது. வெளியே ஓடிய குதிரை ஜெயித்தது. இரண்டாம் ஓட்டத்திலும் அப்படியே. தேவதாசன் செவலையைச் சேணத்தோடு இழுத்துக்கொண்டு, பெரிய துரைக்கு உதவியாளரான சின்னத்துரையிடம் ஓடினான். கோப்பை ஓட்டத்தில் அவளை ஓட்டுகிறவர் சின்னத்துரைதான்.

"தொரை, எட்டாம் எடந்தானேன்னு உள்ளுக்கு இழுத்துராதீங்க. வெளியவே விடுங்க. தூரம் கூடத்தான். ஆனா தரை கெட்டி."

"நானும் பாத்துச்சு" என்றார் சின்னத்துரை. "நீ கொஞ்சம் ஆடாம நில்லு. குதிரை பயப்படுது."

கொடி விழுந்தது. உள்ளே நின்ற குதிரைகள் பழக்கதோஷத்தில் வேலியோரத்துக்கே பாய்ந்தன. செவலை வெளியே, தனியாக, யாரோ ஊர்வலத்திலிருந்து பிரிந்துபோவதுபோலப் போனாள். வளைவில் மற்றவை தத்தளித்தபோது இவள் கெட்டித் தரைப் புல்லில் கால் வைத்து வந்தாள். நேர் ஓட்டத்தில் அவளைத் தொட ஆளில்லை. ஏழாம் இடத்துக் குதிரை இரண்டாவது, ஆறாம் இடத்துக் குதிரை மூன்றாவது. தேவதாசன் அழுதுகொண்டே சிரித்தான். அந்த நேரத்திலும் இரண்டாவதும் மூன்றாவதும் யார் என்று அவன் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

கோச்சுப் பயம் போய்விட்டது, தப்பித்தோம் என்று அவன் அவளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துரையும் ஹாஷிம் நானாவும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஹாஷிமின் முகம் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. அன்று பண்டாரவளையிலிருந்து அவர் வந்த கோச்சு பிந்தியதால் கோப்பை ஓட்டத்தை மட்டுமே அவர் பார்த்திருந்தார்.

"எட்டாம் இடத்துல நிண்டு இப்பிடி ஜெயிச்ச குதிரை, ஒண்ணாம் இடத்துல நிண்டா என்ன செய்யும்!" என்றார் ஹாஷிம். "கொழும்புல ஒரு பெரிய மனுசர் குறுகின ஓட்டத்துக்குக் குதிரை கேட்டு ஈக்கிறார். தொரை விலை சொல்லிட்டார், எனக்கும் சரி."

கொழும்பு லாயத்துக்கு அதன் சொந்த ஆட்கள் உண்டு. தேவதாசன் கூடப் போக முடியாது. அது ஒரு பக்கம். கொழும்புப் பெரிய குதிரைகளோடு, எல்லாரும் பெரிதாக எதிர்பார்க்க, அவள் ஓட வேண்டும். தோற்றுத் தோற்றுக் கடைசியில் ஏதாவது வாடகை வண்டிக்குத்தான் போவாள். அங்கே அவளுக்குச் சொடுக்குப் போட ஒருவனும் இருக்க மாட்டான்.

குதிரை வியாபாரத்தில் ஹாஷிமுக்கு ஒரு வழக்கம். விலை பேசி முடித்தாலும் குதிரைக்காரனைப் பிடரியில் கை வைக்கச் சொல்லி, அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் வாங்க மாட்டார்.

"தேவதாசா, பிடரில கைய வச்சு உண்மையச் சொல்லு. இது எப்பிடிப்பட்ட குதிரை?"

துரை புன்னகையோடு அவனைப் பார்த்தார். நாலு நல்ல வார்த்தை சொல்லு, உனக்கும் ஏதாவது உண்டு என்கிற புன்னகை. தேவதாசன் பிடரியில் கை வைத்தான். ஈரமாக, சூடாக இருந்தது.

"நானா, இவ போன வருசமும் முந்தின வருசமும் தோத்தப்ப, எல்லாரும் இவள மட்டமா நெனச்சாங்க. அப்ப வளைவு இவகிட்டருந்து புடுங்கிக்கிச்சு. அதைக் கூட்டிப் பாத்திருக்கணும். இன்னைக்கு ஜெயிச்சத அப்படியே எடுத்துக்கக் கூடாது. கழிச்சுப் பாக்கணும். இன்னைக்கு எட்டாம் எடந்தான் நல்ல எடம். ரெண்டாவது வந்தது ஏழு, மூணாவது வந்தது ஆறு. நம்பாட்டி உள்ளுக்குப் போயிக் கால வச்சுப் பாருங்க. கூட்டிக் கழிச்சா இவ நல்ல குதிரை. பதுளைக்கு நல்ல குதிரை. கொழும்புக்கு இல்ல."

நியாயத்துக்காகச் சொன்னானா, அவளை விட மனமில்லாமல் சொன்னானா என்று கேட்டால், இரண்டுக்காகவும்தான். தன் ஆசைக்கு உண்மையும் ஒத்துவந்த அதிர்ஷ்டம் அவனுக்கு அந்த ஒருமுறைதான் வாய்த்தது.

ஹாஷிம் வேலியைத் தாண்டிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் காலை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து துரைக்கு ஸலாம் போட்டார். வியாபாரம் முறிந்தது.

மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கூலியாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, வேலையை விட்டு நிறுத்தும் பற்றுச்சீட்டைத் துரை அவனிடம் நீட்டினார். "குதிரை இருக்கும். கோப்பை வாங்கின குதிரை. நீ போ."

றோசாலி அன்று அவனைக் கேலி செய்யவில்லை. பாத்திரங்களைக் கட்டிக்கொண்டே, "வாயும் ஒரு எடத்துல நிக்காதா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே அழுதாள். லாயத்தைத் தாண்டிப் போகும்போது அவன் நாக்கை அடக்கிக்கொண்டு நடந்தான். சொடுக்கியிருந்தால் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்திருப்பாள்.

வேலை கொடுத்தது ஹாஷிம்தான். "எனக்கு வந்த நட்டத்தைத் தடுத்தவன் நீ. பட்டினி கிடக்க விடுவேனா?" என்று கோச்சு லாயத்தில் சேர்த்துக்கொண்டார். பதுளைக் கடைத்தெருவுக்குப் பின்னால், தோள் புண்ணான குதிரைகளுக்கு மஞ்சளும் எண்ணெயும் பூசுவது அவன் வேலை. இராத் தூக்கம் இல்லை. ஒரு புண் ஆறுவதற்குள் இன்னொன்று வந்தது. மழைக்காலத்தில் இரண்டு குதிரைகள் ஏற்றத்திலேயே விழுந்தன. ஒன்று அவன் மடியில் தலை வைத்தபடி செத்தது.

அடுத்த வருடப் பந்தயம் வந்தது. மழை இல்லை, தரை கட்டாந்தரை. ஹாஷிம் அவனையும் கூட்டிக்கொண்டு போனார்.

"யாரு ஜெயிப்பான்?" என்று கேட்டார்.

"ஆறு பர்லாங்ல செவலைக்கு ஒண்ணாம் எடம் விழுந்திருக்கு நானா. காஞ்ச தரை, பக்கத்துல வளைவு, முன்னுக்கு ஓடுறவ. இன்னைக்கு யாரும் புடிக்க ஏலாது."

ஹாஷிம் தாடியைத் தடவினார். "தொரை எனக்குச் சொல்லி அனுப்பி ஈக்கிறார். அவருக்குப் போன வருச வியாபாரம் முறிஞ்ச கோபம் இந்தக் குதிரை மேல இன்னும் தீரல. இந்த எடத்துலயும் தோத்தா, நாளைக்கே கோச்சுக்கு எடுத்துக்கோ எண்டு. வந்தா உன் கைக்குத்தான் வரும்."

அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். தேவதாசனுக்கு அதைக் கேட்டபின் மைதானமே சுற்றியது. நடந்தான். ஓடுபாதையைக் கடந்து உள்வேலிக்குள் புகுந்து, அதன் ஓரமாக நடந்து நடந்து வளைவுக்கு வந்துவிட்டான். உள்வேலியோரம் ஓடிவருகிற குதிரை அங்கே ஒரு கை தூரத்தில் போகும். ஒரு சொடுக்கு போதும். எந்த ஓட்டத்தில் இருந்தாலும் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் காலடி தப்பும், மற்றவை முந்திவிடும். நாளைக் காலையில் அவன் கையால் கஞ்சி குடிப்பாள். அவன் பிடரியைத் தடவலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிறகு அவளுக்கு அவனே நுகம் மாட்ட வேண்டும்.

அவன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. தூரத்தில் கொடி உயர்ந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டான். இரண்டு கையாலும் வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். கொடி விழுந்தது. தரை அதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், வேலியை உரசிக்கொண்டு, செவலை வந்தாள். அவள் குளம்பு தெறித்த மண் அவன் முகத்தில் விழுந்தது. அவள் வியர்வை வாடைகூட வந்தது. தேவதாசன் அசையவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி நின்றதில்லை.

செவலை ஜெயித்தாள். கூட்டம் அந்தப் பக்கம் கத்தியது. ஹாஷிம் தேடிக்கொண்டு வந்தபோது அவன் இன்னும் வேலியைப் பிடித்தபடியே நின்றான், வாயில் துண்டோடு.

"நீ சொன்னதுதானே நடந்தீக்கி. ஏன்டா அழுறாய்?"

அவன் துண்டை எடுத்தான்.

"திரும்பிப் பாத்துருவாளோன்னு பயந்துக்கிட்டு நின்னேன் நானா" என்றான். "பாக்காமலே போயிட்டா."